ரத்து செய்யப்பட்ட தாள்கள்

மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள், இடைவேளை மணி அடித்ததும் எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். "சாரோட பணி நிறைவு விழாவுல அறிமுக உரை நீதான்மா. அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல போகக் கூடாது" என்றார். நான் அந்தப் பள்ளிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி அது. தலைமையாசிரியர் அங்கே பதினோரு ஆண்டுகளாக இருந்தார். ஊருக்கே தெரிந்தவரை, ஊரையே சரியாகத் தெரியாத நான் யாருக்கு அறிமுகம் செய்து வைப்பது?

பிறகுதான் காரணம் புரிந்தது. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பணி நிறைவுப் பாராட்டு விழாவுக்கு ஒரு வரிசை உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, அறிமுக உரை, அதன் பிறகு வாழ்த்துரைகள், பொன்னாடை, நினைவுப் பரிசு, விழா நாயகரின் ஏற்புரை, நன்றியுரை, நாட்டுப்பண். கூட வேலை பார்த்தவர்கள், பழைய மாணவர்கள், ஊர்ப் பெரியவர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர் எல்லாரும் வாழ்த்துரைக்குப் போய்விடுவார்கள். அவரவர் பார்த்ததைப் பேசுவார்கள். அவர் யார், எங்கிருந்து வந்தார், என்னென்ன செய்தார் என்பதை முதலில் எடுத்து வைக்க, சொந்தக் கதை ஏதும் இல்லாத ஒருவர் வேண்டும். அது வழக்கமாக இளைய ஆசிரியரிடம் வரும். தெரியாதவர்தான் விசாரித்துத் தெரிந்துகொள்வார் என்பது இதில் இருக்கும் நல்ல விஷயம்.

பந்தலில் உட்காரப் போகிறவர்களை மனதில் நிறுத்திப் பார்த்தேன். எல்லாருக்கும் அவரைத் தெரியும், ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுதான் தெரியும். மாணவர்களுக்கு அவர் காலையில் வாசலில் நிற்கும் ஹெச்.எம். சார். சக ஆசிரியர்களுக்குக் கணக்கு வாத்தியார். ஊர்க்காரர்களுக்குக் கையெழுத்துப் போடுகிறவர். முன்வரிசையில் உட்காரப் போகும் அவர் மனைவிக்கும் மகளுக்கும், காலை ஏழரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய் இருட்டிய பிறகு திரும்பி வருகிறவர். போன இடத்தில் அவர் என்ன செய்தார் என்பது வீட்டுக்காரர்களுக்குத்தான் குறைவாகத் தெரியும். நான் அவர்களுக்காகப் பேசுவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் இப்படிப்பட்ட விழாக்களில் சிலவற்றை மாணவியாகவும் ஆசிரியையாகவும் கேட்டிருக்கிறேன். அறிமுக உரை பெரும்பாலும் இரண்டு விதமாகக் கெட்டுப் போகிறது. ஒன்று, பிறந்த ஊர், பெற்றோர் பெயர், படித்த கல்லூரி, சேர்ந்த தேதி, மாறுதலான பள்ளிகள் என்று பணிப்பதிவேட்டை அப்படியே வாசிப்பது. மூன்றாவது தேதியிலேயே பிள்ளைகள் பந்தல் துணியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இன்னொன்று, பட்டங்களாக அடுக்குவது. கல்விச் செம்மல், பண்பின் சிகரம் என்று சொல்லும்போது கைதட்டல் வரும். ஆனால் அந்த வார்த்தைகளை அப்படியே எடுத்துப் பக்கத்து ஊர்த் தலைமையாசிரியருக்கும் சொல்லலாம். மேடையில் உட்கார்ந்திருப்பவர் அதில் தன்னைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நான் எழுதும் எந்த வரியும் இவரைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்.

முதலில் தேதிகளைச் சரிபார்த்தேன். விளம்பரப் பதாகைக்காக யாரோ '35 ஆண்டு காலக் கல்விப் பணி' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இளநிலை உதவியாளர் அண்ணன் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்: பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தது 1991 ஆகஸ்ட். பணி நிறைவு 2025 மே 31. கணக்குப் போட்டால் 34 ஆண்டு முழுதாக ஆகவில்லை, மூன்று மாதம் குறைகிறது. இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆனது, 2021இல் 60 ஆனது. பழைய 58 வயதுக் கணக்கையே மனதில் வைத்திருப்பவர்கள் இரண்டு ஆண்டைத் தவறவிட்டுவிடுகிறார்கள். கணக்கு வாத்தியாரின் விழாவில் கணக்குத் தப்பாக இருக்கக் கூடாது. பதாகை அச்சுக்குப் போகும் முன் '34ஆவது ஆண்டில்' என்று மாற்றச் சொன்னோம்.

அந்தப் பிறந்த தேதியில்தான் எனக்கு முதல் நூல் நுனி கிடைத்தது. பதிவேட்டில் 20.5.1965. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இல்லாத நேரம் பார்த்து வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபி கொடுத்துக்கொண்டே சொன்னார்: "அது ஸ்கூல்ல போட்ட தேதிம்மா. அவரு பொறந்தது ஐப்பசி அடைமழையில. எங்க மாமியார் சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

அந்தத் தலைமுறையில் மே, ஜூன் பிறந்தநாள்காரர்கள் ஏன் இவ்வளவு பேர் என்று பலர் கேட்டிருப்பீர்கள். பிறப்புப் பதிவு எல்லா வீட்டிலும் இல்லாத காலம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனால், வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். விரல் காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். ஜூன் மாதம் சேர்க்கை. அதற்குச் சற்று முன்னால் ஐந்து முடிந்திருக்கும்படி ஒரு தேதியைத் தலைமையாசிரியரே எழுதிக்கொள்வார். சார் 1970 ஜூனில் சேர்ந்தபோது அவருடைய நிஜ வயது நாலரையைத் தாண்டி ஐந்தை எட்டாத வயது. விரல் காதைத் தொட்டதா என்று அவர் மனைவிக்குத் தெரியவில்லை. தொடவில்லை என்றே நினைக்கிறேன். கூலி வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை விட்டுவிட்டுப் போக இடம் கேட்டிருக்கிறாள். அங்கிருந்த தலைமையாசிரியர் ஒரு தேதியை எழுதி உள்ளே உட்கார வைத்துவிட்டார். பணியில் சேர்ந்த முதல் ஐந்து ஆண்டுக்குள் பிறந்த தேதியைத் திருத்தக் கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு. சார் கேட்கவில்லை. அந்த வாத்தியார் எழுதிய தேதியோடுதான் 2025 மே மாதம் வெளியே போனார்.

இது ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் இது அவருக்கு யாரோ செய்தது. அவர் செய்தது என்ன என்பது வேண்டும்.

விசாரித்தால் எல்லாரும் பொதுவாகவே சொன்னார்கள். கண்டிப்பானவர், நேரம் தவறாதவர், நல்ல மனுஷன். ஒரு நாள் இளநிலை உதவியாளர் அண்ணனிடம், "சார்கிட்ட உங்களுக்குப் பிடிக்காதது எது?" என்று கேட்டேன். அறிமுக உரைக்குத் தகவல் சேகரிக்கும் யாருக்கும் இந்தக் கேள்வியைச் சிபாரிசு செய்வேன். பிடித்ததைக் கேட்டால் வார்த்தைகள் வரும். பிடிக்காததைக் கேட்டால் சம்பவம் வரும். அண்ணன் உடனே சொன்னார்: "டி.சி. தான் டீச்சர். நான் எழுதி எடுத்துட்டுப் போவேன். கையெழுத்துப் போட மாட்டாரு. 'திங்கக்கிழமை வரச் சொல்லுங்க'ம்பாரு. வந்தவங்க என்கிட்டதான் சண்டை போடுவாங்க. கடைசியில பாதி தாளை ரத்து பண்ணணும்."

எங்கள் ஊரிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் அதிகம். செங்கல் சூளைக்குப் போகிறவர்களும் உண்டு. எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண்ணை, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளக் கூட்டிப் போவார்கள். பையன் என்றால் வேலைக்கே. வயதுக்குச் சான்று வேண்டும் என்பதற்காக மாற்றுச் சான்றிதழை வாங்க வருவார்கள். சார் வெள்ளிக்கிழமை வந்தவர்களைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டு, சனி ஞாயிறில் அந்த வீட்டுக்குப் போய்விடுவார். பாட்டி வீட்டில் விட்டுப் போக முடியுமா, அரசு விடுதியில் இடம் பார்க்கட்டுமா, பரீட்சை வரைக்குமாவது இருக்கட்டுமே என்று பேசுவார். சில வீடுகளில் கேட்டார்கள். சில வீடுகளில் கேட்கவில்லை.

இதைக் கேட்டதும் எனக்குள் ஒரு வேகம் வந்தது. அதோடு ஒரு பயமும் வந்தது. விழாவுக்குக் கல்வித்துறை அதிகாரி வருகிறார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு, வேறு பள்ளிக்குப் போக விரும்பும் குழந்தைக்கு மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும் என்கிறது. தாமதித்தால் தலைமையாசிரியர் மேல் நடவடிக்கை எடுக்கலாம். பாராட்டுவதாக நினைத்து, ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது அவரை நான் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது. இந்த ஒன்றுக்காக மட்டும் அவரிடமே போனேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வேற ஸ்கூலுக்குப் போற பிள்ளைக்கு ஒரு நாள்கூட நான் லேட் பண்ணினதில்ல. இவங்க எந்த ஸ்கூலுக்கும் போகல டீச்சர். ஸ்கூலே வேண்டாம்னு போறாங்க. அந்தச் சட்டமே பிள்ளை படிக்கணும்னுதான் எழுதினது" என்றார். பிறகு சொன்னார்: "சொல்றதுன்னா சொல்லுங்க. பேரு வேண்டாம். ஊரு, தெரு, என்ன கஷ்டம்னு எதுவும் வேண்டாம். அந்தப் பிள்ளைங்கள்ல சிலர் கல்யாணமாகி இதே ஊர்ல இருக்காங்க."

இந்தச் சொல்லை நான் முக்கியமாக நினைக்கிறேன். விழா மேடைகளில், சார் பணம் கட்டிப் படிக்க வைத்த பையன் இதோ என்று எழுந்து நிற்க வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அவன் முகத்தையும் பார்த்திருக்கிறேன். உதவி செய்தவரின் பெருமைக்காக உதவி பெற்றவரின் வறுமையை நூறு பேர் முன்னால் பிரித்துக் காட்டுவது தவறு. பெயரைச் சொல்லாமலே சொல்வதற்கு எனக்கு வேறு ஆதாரம் வேண்டும்.

அது அலமாரியில் இருந்தது. இப்போது மாற்றுச் சான்றிதழ் எமிஸ் இணையதளம் வழியாகக் கணினியில் வருகிறது. அதற்கு முன் அச்சடித்த புத்தகத்தில் கையால் எழுதுவார்கள். பெற்றோரிடம் கொடுக்கும் தாளைக் கிழித்தால் அடிக்கட்டை புத்தகத்தில் நிற்கும். ரத்தானால் இரண்டு பகுதியும் கிழிபடாமல், குறுக்கே இரண்டு கோடும் 'ரத்து' என்ற சொல்லுமாக அப்படியே இருக்கும். அவர் இந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்த 2014 முதல் கணினிக்கு மாறும் வரை உள்ள புத்தகங்களைப் புரட்டினேன். ரத்தான தாள்கள் 31.

ஆனால் ரத்தான தாள் எல்லாம் திரும்பி வந்த பிள்ளை ஆகாது. தலைப்பெழுத்து மாறிப்போனாலும், தேதி தப்பானாலும் ரத்து செய்துவிட்டு அடுத்த தாளில் எழுதுவார்கள். அதைக் கண்டுபிடிப்பது எளிது. அடுத்தடுத்த தாள்களில் அதே சேர்க்கை எண் இருக்கும், அது கிழிக்கப்பட்டிருக்கும். அப்படி எட்டுத் தாள். மீதி 23. அந்த 23 எண்களையும் எடுத்துக்கொண்டு சேர்க்கைப் பதிவேட்டில் பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே வரியின் வலது ஓரத்தில், பள்ளியை விட்டு நீங்கிய தேதியும் சான்றிதழ் எண்ணும் இருக்கும். 23 பேருக்கும் ரத்தான தேதிக்கு ஓராண்டு, இரண்டாண்டு கழித்துத்தான் நீங்கிய தேதி இருந்தது. இரண்டு மாலை இதற்கே போனது. முடிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொல்வதில் வெட்கம் இல்லை. வெறும் எண்களைப் பார்த்து அப்படி ஆனது அதுதான் முதல் தடவை.

இனி எழுதுவது எளிதாக இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்றரைப் பக்கம் போதும். அதற்கு மேல் எழுதினால் கைதட்டலும் ஒலிபெருக்கிக் கோளாறும் சேர்ந்து எட்டு நிமிடம் ஆகிவிடும், பின்னால் பேசுகிறவர்களின் நேரம் போகும். மேடையில் இருப்பவர்களின் பெயர்களை வரவேற்புரையில் சொல்லியாகிவிடும் என்பதால் அவைக்கு ஒரே வணக்கம். 'நான்' என்ற சொல்லைத் தேடித் தேடி அடித்தேன். வாய்விட்டு மூன்று தடவை படித்ததில் மூச்சு முட்டிய வாக்கியங்களை உடைத்தேன். ஏப்ரல் கடைசி வாரத்து வெயில். விழாவைப் பதினோரு மணிக்குள் முடிக்க வேண்டும். மே விடுமுறை தொடங்கிவிட்டால் மாணவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால்தான் விழா ஏப்ரலிலேயே. நான் படித்தது இதுதான்:

"அவையோருக்கு வணக்கம். நம் தலைமையாசிரியருக்கு இரண்டு பிறந்தநாள் உண்டு. ஒன்று அம்மா சொன்னது, ஐப்பசி மழையில் பிறந்தார். இன்னொன்று 1970ஆம் ஆண்டு ஒரு தலைமையாசிரியர் எழுதியது, மே மாதம் இருபதாம் தேதி. அன்று அவருக்கு ஐந்து வயது ஆகவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் விட வேண்டும் என்பதற்காக அந்த வாத்தியார் ஒரு தேதியை எழுதினார். அந்தத் தேதிப்படிதான் சார் அடுத்த மாதம் அறுபதை முடிக்கிறார்.

உள்ளே வந்த பிள்ளை கணக்குப் படித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருந்து, 1991இல் கணக்கு ஆசிரியர் ஆனார். ஐந்து பள்ளிகளில் வேலை பார்த்தார். 2014இல் தலைமையாசிரியராக நம் ஊருக்கு வந்தார்.

நம் பள்ளி அலுவலகத்தில் சில பழைய மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் எழுதி முடித்து, கையெழுத்துக்காகக் காத்திருந்து, பிறகு ரத்தான தாள்கள் இருக்கின்றன. படிப்பை நிறுத்த முடிவு செய்து வீட்டில் இருந்து வந்தவர்களுக்காக எழுதிய தாள்கள் அவை. சார் கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்குப் போனார். உட்கார்ந்து பேசினார். பெற்றவர்கள் மனசு மாறினார்கள். முடிவெடுத்தது அவர்கள்தான், அவர்களுக்கும் நாம் வணக்கம் சொல்ல வேண்டும். அப்படித் திரும்பி வகுப்புக்கு வந்தவர்கள் 23 பேர்.

முன்வரிசையில் இருக்கும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சார் வீட்டில் இல்லாத நாட்களில் சில, அந்தத் தாள்களில் இருக்கின்றன. கணக்குப் பாடத்தில் விடையைவிட வழிமுறைக்கு மதிப்பெண் அதிகம் என்பார் சார். அவருடைய வழிமுறையைத்தான் இங்கே சொன்னேன். இனி அவருடன் பழகியவர்கள் பேசுவார்கள். நன்றி."

நடுவில் ஒரு இடத்தில் குரல் தடுமாறியது. முன்கூட்டியே மூத்த ஆசிரியை சொல்லிக் கொடுத்திருந்தார், அழுகை வந்தால் தாளைப் பார்க்காதே, கூரையைப் பார்த்து ஒரு மூச்சு விடு என்று. விட்டேன். மாணவர்கள் பக்கம் சத்தமே இல்லை. சாரின் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு வாழ்த்துரைகள் நடந்தன. எல்லாம் முடிய பன்னிரண்டரை ஆனது.

மதியம் சாப்பாடு முடிந்து, பந்தல் பிரிக்கிற நேரத்தில் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் மாலைகள் கிடந்தன. "அந்தத் தாளைக் குடுங்க டீச்சர்" என்றார். கொடுத்தேன். வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இருபத்து மூணு இல்ல. இருபத்து ரெண்டு."

நான் பதிவேட்டைச் சொன்னேன். நீங்கிய தேதி எல்லாருக்கும் பின்னால்தான் இருக்கிறது என்றேன்.

"தேதியைப் பாத்தீங்க. பக்கத்துக் கட்டத்தைப் பாத்தீங்களா, எந்த வகுப்பு படிக்கும்போது நீங்கினதுன்னு? எல்லாருக்கும் பத்துன்னு இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஒன்பதுன்னு இருக்கும். நான் பேசின அப்புறம் நாலு நாள் வந்துச்சு. அப்புறம் வரல. பேரை எடுக்காம வச்சிருந்தேன், என்னைக்காவது வரும்னு. ரெண்டு வருஷம் கழிச்சு அவங்கப்பா வந்து டி.சி. வாங்கிட்டுப் போனாரு. அன்னைக்குக் கையெழுத்துப் போட்டேன்."

அந்தப் பிள்ளையின் பெயரை அவர் சொன்னார். பதிவேட்டைத் திறக்காமலே சேர்க்கை எண்ணையும் சொன்னார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, என் தாளில் 23ஐ ஒரே கோட்டில் அடித்து, மேலே 22 என்று எழுதினார். பதிவேட்டில் எதைத் திருத்தினாலும் செய்வதுபோல், பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, அன்றைய தேதியைப் போட்டார்.